எட்டு ஆண்டு இடைவெளிக்கு ஒரு வாக்கியம் போதும்: ஒரு விண்ணப்ப மின்னஞ்சல் உருவான விதம்

என் தோழி ஒருவர் 2017 மார்ச் மாத இறுதியில், அந்த நிதியாண்டின் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு, கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து விலகினார். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்திருந்தது. அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம்; கணவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைக்கும் வலு அவருக்கு இல்லை. அண்ணன் வெளியூரில் இருந்தார். 11 ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டுவிட்டுப் பெற்றோருடன் இருப்பது என்று அவர் முடிவெடுத்தபோது, ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடுவார் என்றுதான் உடன் வேலை பார்த்த எல்லாரும் நினைத்தோம். அப்பா 2023இல் காலமானார். அம்மாவுக்கு நிலையான ஓர் ஏற்பாடு அமைந்து, தோழி மீண்டும் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 2025 நவம்பர் ஆகிவிட்டது.

கணக்குத் துறையில் இதைவிடக் கடினமான எட்டு ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அவர் விலகிய மூன்றே மாதத்தில், 2017 ஜூலை 1ஆம் தேதி, சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதுவரை அவர் விரல்நுனியில் வைத்திருந்த மதிப்புக் கூட்டு வரி, கலால் வரி, சேவை வரி, இவை ஒவ்வொன்றுக்கும் உரிய படிவங்கள், வெளிமாநில விற்பனைக்குக் குறைந்த வரி பெற அங்குள்ள வியாபாரிகளிடம் துரத்தித் துரத்தி வாங்கிய சி படிவம் என அன்றாட வேலையின் பெரும்பகுதி ஒரே நாளில் பழையதாகிப் போனது. 2020 நவம்பரில், கணக்கு எழுதும் டேலி மென்பொருளே முகம் மாறி டேலி பிரைம் ஆனது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் பெரும்பாலும் 2023 ஆகஸ்ட் முதல், அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு விலைப்பட்டியல் எழுத வேண்டியவை ஆயின. 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்களே மாறின. ஆகவே, எட்டு ஆண்டு வேலையில் இல்லாத ஒரு கணக்காளரின் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் மனத்தில் எழும் ஐயம் நியாயமற்றது என்று சொல்ல முடியாது.

பெற்றோரைப் பராமரிப்பதை 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பிள்ளைகளின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. மகப்பேற்றுக்கு 26 வார விடுப்பு உண்டு. ஆனால் படுக்கையில் இருக்கும் தந்தைக்காகத் தனியார் நிறுவனப் பணியாளர் கேட்டுப் பெறக்கூடிய நீண்ட விடுப்பு என்று எதுவும் சட்டத்தில் இல்லை. அதனால் பதவி விலகல் கடிதம் ஒன்றே வழியாகிறது. அந்த ஆண்டுகள் தன்விவரக் குறிப்பில் வெற்றிடமாக நிற்கின்றன. நான் இப்போது வேறொரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது வரும் மின்னஞ்சல்களை முதலில் படிப்பவள் நான் என்பதால், தோழி தம் வரைவை என்னிடம் அனுப்பினார். அந்த வரைவு எப்படி மாறியது, ஏன் மாறியது என்பதை அவருடைய இசைவோடு இங்கே எழுதுகிறேன்.

முதல் வரைவின் தொடக்கம் இப்படி இருந்தது: “கடந்த எட்டு ஆண்டுகளாக நான் எந்தப் பணியிலும் இல்லை என்பதால் என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் தாங்கள் தயங்கக்கூடும் என்பதை அறிவேன். எனினும், குடும்பச் சூழ்நிலை காரணமாகவே நான் விலக நேர்ந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” அதன் பிறகு அப்பாவின் நோய், மருத்துவமனையில் இருந்த காலம், அம்மாவின் அறுவை சிகிச்சை, அண்ணனின் வேலைச் சூழல் என ஒரு பெரிய பத்தி. அவருடைய 11 ஆண்டு அனுபவம் மூன்றாம் பத்தியில்தான் வந்தது. வேலைக்கு எடுப்பவர் பெரும்பாலும் கைப்பேசியில்தான் மின்னஞ்சலைத் திறக்கிறார். முதல் திரையில் தெரிவது நாலைந்து வரிகள். அந்த வரிகளில் அவர் கண்டது, ஒருவரை வேலைக்கு எடுக்காமல் இருப்பதற்கான காரணத்தை அந்த ஒருவரே எழுதித் தந்திருப்பதைத்தான்.

நோயைப் பற்றிய பத்தியை எடுத்துவிடச் சொன்னபோது தோழிக்கு வருத்தம் உண்டாயிற்று. அந்த ஆண்டுகளில் தாம் சும்மா இருக்கவில்லை என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டார். அவர் சும்மா இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தந்தையைப் புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப்புண் வராமல் காத்தவர் அவர். ஆனால் முன்பின் அறியாத ஒரு மேலாளர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு என்ன செய்ய முடியும்? இரங்கலாம், இரக்கத்தைத் தெரிவிக்க அவருக்கு அங்கே வழியில்லை. அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். மேலும், பெற்றோரின் மருத்துவ விவரம் அவர்களுக்கு உரியது. பலர் கைக்குப் போகக்கூடிய ஒரு கோப்பில் அதை எழுதி வைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஆலோசனை ஒன்றும் அவருக்குக் கிடைத்திருந்தது. மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் உறவுக்கார இளைஞர் ஒருவர், அந்த எட்டு ஆண்டுகளையும் ஒரு பதவி போல எழுதச் சொல்லியிருந்தார். “இல்லப் பராமரிப்பு மேலாளர், 2017–2025: மருத்துவ ஒருங்கிணைப்பு, செலவுத் திட்டமிடல், நெருக்கடி மேலாண்மை” என்று ஒரு வரைவும் எழுதித் தந்திருந்தார். இது நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டது. சில துறைகளில் எடுபடவும் கூடும். கணக்குத் துறையில் எடுபடாது என்பது என் உறுதியான கருத்து. வவுச்சர் இல்லாத பதிவை நாங்கள் எப்படிப் பார்க்கிறோமோ, அப்படித்தான் இந்த வரியையும் பார்ப்போம். அந்த வேலையின் அருமை குறைவானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தந்தையைக் குளிப்பாட்டியதை மேலாண்மைத் திறனாக மாற்றி எழுதும்போது, செய்த வேலையும் அதன் பெயரை இழக்கிறது; படிக்கிறவரும் அதை நம்புவதில்லை. பெற்றோரைப் பார்த்துக்கொண்டேன் என்று நேராக எழுதினால் அதை எவரும் ஐயுறுவதில்லை.

ஆக, இடைவெளிக்கு ஒரு வாக்கியம் போதும் என்று முடிவு செய்தோம். தொடங்கிய மாதம், காரணம், இப்போதைய நிலை ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். முதல் இரண்டும் எளிதாக அமைந்தன. மூன்றாவதில்தான் நெடுநேரம் செலவிட்டோம். இரு பெற்றோரும் மறைந்திருந்தால் “அந்தப் பொறுப்பு நிறைவுற்றது” என்று எழுதிவிடலாம். இங்கே அம்மா இருக்கிறார். அவருக்கு 78 வயது. அம்மாவைக் குறிப்பிடாமல் விட்டுவிடலாமா என்று தோழி கேட்டார். விட்டுவிட்டால் நேர்முகத்தில் அது கட்டாயம் வெளிவரும். மறைத்தது போலவும் தோன்றும். எழுதினாலோ, அடிக்கடி விடுப்புக் கேட்பார் என்ற எண்ணம் வரும். இந்த எண்ணத்துக்கு “முழு ஈடுபாட்டுடன் பணியாற்றுவேன்” போன்ற உறுதிமொழி மறுமொழி ஆகாது. நேரத்தைப் பற்றிய கேள்விக்கு நேரத்தைக் கொண்டே மறுமொழி சொல்ல வேண்டும்.

அதற்குத் துறையின் நாள்காட்டி உதவியது. கணக்குப் பிரிவில் மாதம் முழுவதும் ஒரே அளவு வேலை இருப்பதில்லை. பிடித்தம் செய்த வருமான வரியை 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1, 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். 14ஆம் தேதி, நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததன் தொகுப்பான 2பி அறிக்கை தளத்தில் வரும். 15ஆம் தேதி வருங்கால வைப்பு நிதிக்கும் இஎஸ்ஐக்கும் கடைசி நாள். 20ஆம் தேதிக்குள் 3பி படிவத்தைத் தாக்கல் செய்து வரி கட்டியாக வேண்டும். இந்த நாள்களில்தான் மாலை ஆறு மணிக்கு மேலும் ஆள் தேவைப்படும். எனவே அந்த வாக்கியத்தை அவர் இப்படி முடித்தார்: “என் தாயாரின் பராமரிப்புக்கு வீட்டில் முழுநேர ஏற்பாடு உள்ளது; அலுவலக நேரம் முழுவதும், 10 முதல் 20ஆம் தேதி வரை தேவைப்படும் கூடுதல் நேரமும் என்னால் இயலும்.” படிக்கும் மேலாளருக்கு இதிலிருந்து இரண்டு செய்திகள் போய்ச் சேர்கின்றன. விடுப்பைப் பற்றிய ஐயம் தீர்கிறது. எந்த நாள்களில் வேலை நெருக்கும் என்பதை இவர் இன்றும் அறிந்திருக்கிறார் என்பதும் தெரிகிறது.

இப்படி எழுதுவதற்கு முன் அந்த ஏற்பாடு மெய்யாகவே நிற்குமா என்று பார்த்தாக வேண்டும். அண்ணன் குடும்பம் 2025 கோடையில் கோவைக்கே வந்துவிட்டது. பகல் நேரத்துக்கு ஓர் உதவியாளரையும் அமர்த்தினார்கள். வேலை கிடைத்த பிறகு இது சரிப்படுமா என்று பார்ப்பதைவிட, கிடைப்பதற்கு முன்பே அலுவலக நேரம் போல வீட்டை விட்டு வெளியே இருந்து பார்க்கலாம் என்று நினைத்தார். காட்டூரில் அவருடைய பெரியப்பா மகன் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். காலையில் அங்கே போய் உட்கார்ந்து, கடையின் கொள்முதல் கணக்கைத் தாமே எழுதத் தொடங்கினார். தாக்கல் செய்யும் பொறுப்பு வழக்கம் போலக் கடையின் வரி ஆலோசகரிடம் இருந்தது. தோழி தயாரித்துத் தருவதை அவர் சரிபார்த்தார். வீட்டு ஏற்பாட்டில் இருந்த ஓட்டைகள், குறிப்பாக உதவியாளர் வராத நாளில் யார் என்பது, அந்த மாதங்களிலேயே தெரிந்து சரியாயின. மின்னஞ்சலின் மிக வலுவான பத்தியும் அந்தக் கடையிலிருந்தே கிடைத்தது.

முதல் வரைவில் “ஜிஎஸ்டி பற்றிய அறிவைப் புதுப்பித்துக்கொண்டேன்; ஓர் இணையவழிப் பயிற்சியும் முடித்துள்ளேன்” என்று இருந்தது. இதே வரியைத் தாங்கிப் பல விண்ணப்பங்கள் வருகின்றன. பயிற்சிச் சான்றிதழ் ஒருவர் பாடத்தைக் கேட்டார் என்பதைக் காட்டும். கணக்கு ஒத்துப்போகாதபோது என்ன செய்வார் என்பதைக் காட்டாது. ஒத்துப்போகாத ஒரு கணக்கை எடுத்து, அதை அவர் எப்படித் தீர்த்தார் என்று எழுதச் சொன்னேன். 2025 ஜூலை மாதக் கணக்கை அவர் எடுத்துக்கொண்டார்.

வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதே உள்ளீட்டு வரி வரவு. அந்த மாதம் கடையின் கொள்முதல் பதிவேட்டின்படி அது 1,26,000 ரூபாய். 2பி அறிக்கையில் இருந்ததோ 1,00,800 ரூபாய். வித்தியாசம் 25,200. முன்பெல்லாம் நம் கையில் பில் இருந்தால் ஓரளவுக்கு வரவு எடுத்துக்கொள்ள இடம் இருந்தது. அந்த அளவு படிப்படியாகக் குறைந்து, 2022 ஜனவரியிலிருந்து 2பியில் தோன்றாத பில்லுக்கு வரவு எடுக்கவே முடியாது என்றாகிவிட்டது. ஆகவே, பில் பில்லாக ஒப்பிட்டு வித்தியாசத்தின் காரணத்தைக் கண்டுபிடிப்பதே இன்று கொள்முதல் கணக்காளரின் மாத வேலையில் முதன்மையானது.

ஒப்பிட்டபோது மூன்று பில்கள் நின்றன. முதலாவது 80,000 ரூபாய் மதிப்புள்ளது. 18 விழுக்காட்டில் வரி 14,400. விற்றவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறு வணிகர். அப்படிப்பட்டவர்கள் விரும்பினால் காலாண்டின் முதல் இரண்டு மாதப் பில்களை 13ஆம் தேதிக்குள் தனியாக ஏற்றலாம், இவர் ஏற்றவில்லை. எனவே அந்தப் பில் செப்டம்பர் மாத 2பியில்தான் வரும். இரண்டாவது 40,000 ரூபாய்க்கான பில், வரி 7,200. விற்றவரின் பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதிலாக வேறொருவர் எண் பதிவாகியிருந்தது. மூன்றாவது 20,000 ரூபாய், வரி 3,600. விற்றவர் 11ஆம் தேதிக்குப் பிறகு தாமதமாகத் தாக்கல் செய்ததால் அது அடுத்த மாத 2பிக்குப் போய்விட்டது. மூன்றையும் கூட்டினால் 25,200 சரியாக வந்துவிடுகிறது.

கூட்டுத்தொகை ஒத்துப்போனதுடன் பலர் நிறுத்திக்கொள்வார்கள். தோழி எழுதிய அடுத்த வரிதான் அவருடைய அனுபவத்தைக் காட்டியது. மூன்று பில்களில் இரண்டு, காத்திருந்தால் தாமாகவே வந்துவிடும். எண் மாறிய பில் மட்டும் எத்தனை மாதம் காத்திருந்தாலும் வராது; விற்றவரிடம் சொல்லி அவருடைய தாக்கலில் திருத்தச் செய்ய வேண்டும். அதற்குக் காலக்கெடுவும் உண்டு: அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30ஐத் தாண்டினால் 7,200 ரூபாய் கடைக்காரரின் கைநட்டம். எனவே அந்த மூன்றில் எதற்கு அன்றே தொலைபேச வேண்டும் என்பதை அவர் பிரித்து வைத்திருந்தார். 2017க்கு முன்பு சி படிவம் வராத வியாபாரிகளின் பட்டியலை அவர் பராமரித்த விதமும் இதேதான். சட்டம் மாறியிருக்கிறது, நிலுவையைப் பிரித்துப் பின்தொடரும் பழக்கம் மாறவில்லை. இதை மின்னஞ்சலில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. துறையில் இருப்பவர் படித்தவுடன் உணர்ந்துகொள்வார்.

தெரியாததை எழுதுவதா என்பதில் எங்களுக்குள் சிறிது கருத்து வேறுபாடு இருந்தது. அந்தக் கடையின் விற்றுமுதல் 5 கோடிக்கு மிகவும் கீழே என்பதால், மின்னணு விலைப்பட்டியலை அவர் தம் கையால் ஒருமுறைகூட உருவாக்கியதில்லை. அவர் விண்ணப்பிக்கும் நிறுவனத்திலோ அது அன்றாட வேலை. எழுதாமல் விட்டால் தெரியும் என்று எண்ணிக்கொள்வார்கள். முதல் வாரத்திலேயே உண்மை வெளிப்படும். எட்டு ஆண்டு இடைவெளியோடு வருகிறவர் சொல்லும் ஒவ்வொன்றும் கூடுதலாகச் சோதிக்கப்படும் என்பதால், செய்தவற்றையும் படித்து மட்டும் அறிந்தவற்றையும் பிரித்து எழுதுவதே அவருக்குப் பாதுகாப்பு என்று நான் வாதிட்டேன். அவர் ஏற்றுக்கொண்டார். தெரியாத ஒன்றைத் தெரியாது என்று எழுதியவர், தெரியும் என்று எழுதிய மற்றவற்றை நம்பலாம் என்ற எண்ணம் படிப்பவருக்கு வருகிறது. குறைந்தபட்சம், எனக்கு அப்படித்தான் வரும்.

இறுதியாக அனுப்பிய மின்னஞ்சல் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் உள்ளடக்கத்தைத் தமிழில் தருகிறேன்.

பொருள்: முதுநிலைக் கணக்காளர் பணி – உற்பத்தி நிறுவனக் கணக்கில் 11 ஆண்டு அனுபவம், ஜிஎஸ்டி கொள்முதல் ஒப்பீடு

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அறிவித்துள்ள முதுநிலைக் கணக்காளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். 2006 முதல் 2017 மார்ச் வரை, கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் உற்பத்தி செய்யும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றினேன். கொள்முதல் பதிவு, சரக்கிருப்புக் கணக்கு, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பித் திரும்பும் பொருள்களின் கணக்கு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, ஆண்டுத் தணிக்கைக்கான தயாரிப்பு ஆகியவை கடைசி ஐந்து ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தன.

2017 ஏப்ரல் முதல் என் பெற்றோரைப் பராமரிப்பதற்காகப் பணியில் இல்லை; இப்போது என் தாயாரின் பராமரிப்புக்கு வீட்டில் முழுநேர ஏற்பாடு உள்ளது; அலுவலக நேரம் முழுவதும், 10 முதல் 20ஆம் தேதி வரை தேவைப்படும் கூடுதல் நேரமும் என்னால் இயலும்.

2025 ஜூன் முதல் கோவை காட்டூரில் உறவினரின் உதிரிபாகக் கடை ஒன்றின் கொள்முதல் கணக்கை டேலி பிரைமில் எழுதி, மாதந்தோறும் 2பி அறிக்கையுடன் ஒப்பிட்டு வருகிறேன். எடுத்துக்காட்டாக, ஜூலை மாதம் பதிவேட்டுக்கும் 2பிக்கும் இடையே இருந்த 25,200 ரூபாய் வித்தியாசம் மூன்று பில்களால் வந்தது. இரண்டு பில்கள் விற்றவர் தாக்கல் செய்யும் காலத்தைப் பொறுத்தவை. ஒன்றில் ஜிஎஸ்டி எண் தவறு. அதை விற்றவரிடம் சொல்லித் திருத்தச் செய்தேன். செப்டம்பர் 22 விகித மாற்றத்தின்போது கடையின் பொருள் பட்டியலில் விகிதங்களைத் திருத்தியதும் நானே. என் வேலையைச் சரிபார்த்த வரி ஆலோசகரிடம் தாங்கள் விசாரிக்கலாம்.

மின்னணு விலைப்பட்டியலின் நடைமுறையைப் படித்து அறிந்திருக்கிறேன். கடைக்கு அது பொருந்தாததால் நேரடியாகச் செய்ததில்லை.

தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன். எந்த வேலைநாளிலும் நேரில் வர இயலும்.

இவ்வளவுதான். கைப்பேசியில் இரண்டு திரைக்குள் அடங்கும். “வாய்ப்பளித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்” என்ற முடிவு வரியை அவர் சேர்க்க விரும்பினார். நேரில் வர இயலும் என்ற வரியோடு நிறுத்துவது மேல் என்று தோன்றியது. பொருள் வரியில் இடைவெளியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அது அஞ்சல் பெட்டியில் வரிசையாகத் தெரியும் இடம். திறப்பதற்கான காரணம் மட்டும் அங்கே இருந்தால் போதும். தன்விவரக் குறிப்பிலும் 2017க்கும் 2025க்கும் இடையே காலியாக விடாமல், “2017 ஏப்ரல் முதல்: பெற்றோர் பராமரிப்பு” என்று ஒரே வரி எழுதி, அதற்கு மேலே கடையின் வேலையைத் தனியாகக் காட்டினார். மின்னஞ்சலிலும் குறிப்பிலும் மாதங்கள் ஒத்துப்போகின்றனவா என்று இரண்டு முறை பார்த்தோம். இந்தத் துறையில் தேதி முரண்பட்டால் மற்ற எதையும் படிக்க மாட்டார்கள்.

அந்த நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் “தற்போதைய ஊதியம்” என்று ஒரு கட்டம் இருந்தது. எட்டு ஆண்டு முன்பு வாங்கிய தொகையை அதில் எழுதினால், பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். அன்றைய ஊதியத்தோடு சிறிது சேர்த்துக் கொடுத்தாலே உயர்வு போலத் தோன்றும். சுழியம் என்று எழுதினால் எது கொடுத்தாலும் போதும் என்று ஆகிவிடும். “தற்போது ஊதியப் பணியில் இல்லை, இந்தப் பதவிக்கு நிறுவனம் வகுத்துள்ள ஊதிய நிலையை எதிர்பார்க்கிறேன்” என்று எழுதினார். பராமரிப்புக்காக விலகிய பெண்களிடம் இந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்வதையே நிறுவனங்கள் நிறுத்த வேண்டும் என்று நான் கருதுகிறேன். வேலைக்கு ஊதியம் தருவதானால், வேலையின் அளவைப் பார்த்து முடிவு செய்யலாமே.

மறுமொழி உடனே வரவில்லை. மாதத்தின் 12ஆம் தேதி அனுப்பியது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 11க்கும் 20க்கும் இடையே எந்தக் கணக்கு மேலாளரும் விண்ணப்பங்களைப் பார்ப்பதில்லை. அந்தக் கெடு முடிந்த பிறகு, முதல் மின்னஞ்சலின் தொடர்ச்சியாகவே இரண்டு வரியில் நினைவூட்டினார். அடுத்த வாரம் அழைத்தார்கள்.

நேர்முகத்தில் மேலாளர் அந்த ஜூலை மாதக் கணக்கிலிருந்தே தொடங்கினார். எண் மாறிய பில்லை விற்றவர் திருத்த மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவருக்குத் தர வேண்டிய அடுத்த தொகையில் வரியளவை மட்டும் நிறுத்திவைக்க முதலாளியின் ஒப்புதல் கேட்பேன், அதை எழுத்தில் விற்றவருக்குத் தெரிவிப்பேன் என்று தோழி சொன்னார். மின்னணு விலைப்பட்டியலைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் வாரத்தில் பில்லிங் பிரிவில் உட்கார வைத்துக் கற்றுத் தருவதாக அவர்களே சொன்னார்கள். அம்மாவைப் பற்றிய கேள்வி எதிர்பார்த்தபடியே வந்தது. உதவியாளர் வராத நாளில் அண்ணி இருப்பார் என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். கடையில் இருந்த மாதங்களில் அப்படி நடந்தும் இருந்ததால் தயங்காமல் சொல்ல முடிந்தது என்றார்.

பணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அறிவித்த பதவிக்கு ஒரு படி கீழே, முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த ஊதியத்தில் என்றார்கள். இதை நான் சரியென்று நினைக்கவில்லை. அதே அளவு தெரிந்த, இடைவெளி இல்லாத ஒருவருக்கு இந்த நிபந்தனை வந்திருக்காது. தோழி யோசித்து ஏற்றுக்கொண்டார். ஒரு மாற்றத்தை மட்டும் கேட்டு வாங்கினார். ஆறு மாத முடிவில் பதவியும் ஊதியமும் மறுபரிசீலனை செய்யப்படும் என்பதை வாய்ச்சொல்லாக விடாமல், தேதியோடு நியமனக் கடிதத்திலேயே சேர்க்கச் செய்தார். 2026 ஜனவரியில் சேர்ந்தவருக்கு, விற்பனையாளர்களிடம் நிலுவையில் இருக்கும் உள்ளீட்டு வரி வரவுகளின் பட்டியலை முதல் வேலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.